பால் காய்ச்சிய பிறகு பாட வேண்டியவை

சென்ற ஜூன் மாதம் திருவல்லிக்கேணியிலிருந்து மேடவாக்கத்துக்கு வீடு மாறினோம். சுமார் 20 கிலோமீட்டர். சாமான் ஏற்றிய ஆட்கள் ஒரு பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அட்டைப்பெட்டி 31, கட்டில் 2, பீரோ 1, கிரைண்டர் 1, தொட்டிச்செடி 6 என்று வரிசையாகப் போனது. இங்கே இறக்கியதும் அதே பட்டியலைச் சரிபார்த்து மறுபடி ஒரு கையெழுத்து. குக்கர் வெயிட் ஒன்றைத் தவிர எல்லாம் வந்து சேர்ந்திருந்தன.

ஆட்கள்தான் வந்து சேரவில்லை. அம்மா அதே தெருவில் 32 வருஷம் இருந்தவள். இங்கே வந்த முதல் வாரம் சமையலறையில் நின்றுகொண்டு, எந்த அலமாரியைத் திறப்பது என்று தெரியாமல் கையை மடித்துக்கொண்டாள். ஐந்து வயது மகள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "வீட்டுக்கு எப்போ போவோம்?" என்று கேட்டாள். மனைவிக்கு அலுவலகம் பக்கமானது, ஆனால் பேச ஆள் தூரமானது. நான் என் வயதுக்காரர்கள் செய்வதைச் செய்தேன். போனில் ஒரு பிளேலிஸ்ட் போட்டேன். புதுத் தொடக்கம், நம்பிக்கை, காலை என்ற மாதிரி பாட்டுகள். மூன்றாம் நாள் காலையில் ஸ்பீக்கரில் ஓட விட்டேன்.

முதலில் வந்தது 'ஒவ்வொரு பூக்களுமே'. 2004இல் வந்த 'ஆட்டோகிராப்' படப் பாடல். பா. விஜய்க்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. பள்ளி ஆண்டுவிழாக்களில் கேட்டே வளர்ந்த தலைமுறை நான். அது பாதி ஓடும்போது அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: "யாருக்குடா என்ன ஆச்சு?"

சிரித்துவிட்டேன். ஆனால் அதைவிடச் சரியான விமர்சனத்தை அந்தப் பாட்டைப் பற்றி நான் படித்ததில்லை. அது அடிபட்டவருக்கான பாட்டு. தோல்வி நடந்துவிட்டது, காயம் இருக்கிறது, மனசு மாறினால் வெல்லலாம் என்பது அதன் கட்டுமானம். கேட்பவர் தனி ஆள். படத்திலும் அது மேடையில் பாடப்படும் பாட்டு, கீழே உட்கார்ந்திருப்பவர் தன் துக்கத்தோடு தனியாகக் கேட்கிறார். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் வீடு மாறிய குடும்பத்துக்கு நடந்தது தோல்வி அல்ல. நாங்களாகவே முடிவெடுத்து, அட்வான்ஸ் கொடுத்து வந்தோம். வெல்வதற்கும் இங்கே ஒன்றும் இல்லை. நாலு பேருக்கு நாலு விதமான தடுமாற்றம், அவ்வளவுதான். அந்த நாலு பேருக்கும் பொதுவாக "மனமே மாறு" என்று சொன்னால், யார் மனம், எதிலிருந்து எதற்கு மாறுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அப்புறம் இரண்டு மாதத்தில், நான் தேடாமலே, எங்கள் வீட்டில் மூன்று பாட்டுகள் வேலை செய்தன. ஒன்று பதிகம், ஒன்று தாலாட்டு, ஒன்று பாரதி. மூன்றும் வெவ்வேறு காலம், வெவ்வேறு கைகள். ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: மூன்றுமே பட்டியல்கள். சாமான் ஆட்கள் எழுதாமல் விட்டதை எழுதும் பட்டியல்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

வாடகை வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் கிடையாது, பால் காய்ச்சுவதோடு சரி. அந்தப் பால் பொங்கும்வரை அம்மா கோளறு பதிகம் பாடினாள். சைவ வீடுகளில் இது வழக்கம்தான். சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்திருக்கிறது. ஆனால் கூட்டமும் பூவும் இல்லாத, பெட்டி பிரிக்காத ஒரு சமையலறையில் வைத்து அன்றைக்குத்தான் அதை முதல்முறையாகக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

பதிகம் பிறந்த கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டு. சம்பந்தர் மறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரண்யத்தில் இருக்கிறார். மதுரைக்கு வரச்சொல்லி மங்கையர்க்கரசியாரிடமிருந்து ஆள் வருகிறது. கூட இருக்கும் நாவுக்கரசர் வயதில் மிகப் பெரியவர். சமணர்களிடம் கஷ்டப்பட்டவர். போகாதே என்கிறார், நாளும் கோளும் சரியில்லை என்கிறார். அதற்குப் பதிலாகச் சம்பந்தர் பாடியதுதான் இது. புதிய ஊருக்குப் புறப்படும் இளையவருக்கும், கவலைப்படும் பெரியவருக்கும் நடுவில் நிற்கும் பாட்டு. எங்கள் வீட்டில் வேடம் மாறியிருந்தது. புறப்படச் சொன்னவன் நான், கவலைப்பட்டவள் அம்மா. ஆனால் பாடியவளும் அவளே.

கவனித்தால், பெரியவரின் பயத்தை இந்தப் பாட்டு அசட்டை செய்வதில்லை. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரு வார்த்தையில் முடிக்கவில்லை. பதிலாக, பயப்படக்கூடிய அத்தனையையும் எடுத்துப் பெயர் சொல்கிறது. முதல் பாட்டில் ஞாயிறு, திங்கள் தொடங்கி இரண்டு பாம்புகள் வரை ஒன்பது கோள்கள். இரண்டாவதில் பயணத்துக்கு ஆகாத நட்சத்திரங்கள், அதுவும் எண் போட்டு. நான்காவதில் எமனும் அவன் தூதர்களும் கொடிய நோய்களும். ஐந்தாவதில் இடி, மின்னல், பூதம். ஆறாவதில் யானை, பன்றி, பாம்பு, கரடி. ஏழாவதில் வெப்பம், குளிர், வாதம், பித்தம். வானத்தில் ஆரம்பித்த பட்டியல் காட்டுக்கு இறங்கி, கடைசியில் உடம்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. இப்படிச் சொல்லி முடித்ததும் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் "நல்ல" என்ற சொல் நான்கு முறை வருகிறது. பத்துப் பாட்டுக்கு நாற்பது முறை.

மென்பொருள் வேலையில் இதற்கு இணையான ஒரு பழக்கம் உண்டு. பெரிய மாற்றம் ஒன்றை வெளியிடும் முன், என்னென்ன உடையலாம் என்று எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதுவோம். எழுதி முடித்த பிறகும் ஆபத்து குறைந்திருக்காது. ஆனால் "ஏதோ ஆகப்போகுது" என்ற உருவமற்ற பயம், "இந்தப் பதினாலு விஷயம் ஆகலாம்" என்று எண்ணக்கூடியதாக மாறியிருக்கும். எண்ணக்கூடிய பயத்தோடு ராத்திரி தூங்க முடியும்.

இதைவிட என்னை நிறுத்தியது ஒரு வினைச்சொல். புது வீட்டுச் சடங்குக்குத் தமிழில் புதுமனைப் புகுவிழா என்று பெயர். நாம் மனைக்குள் புகுகிறோம். பதிகத்திலும் புகுதல் இருக்கிறது. முதல் பத்துப் பாட்டிலும் இருக்கிறது. ஆனால் திசை வேறு. அங்கே புகுவது சிவன், புகும் இடம் பாடுபவரின் உள்ளம். அவன் உள்ளே புகுந்துவிட்ட காரணத்தால்தான் வெளியே உள்ள இத்தனையும் நல்லவை என்பது வாதம். ஒவ்வொரு பாட்டும் இதே வரிசையில் போகிறது. முதலில் அவன் எப்படி இருக்கிறான், அடுத்து அவன் உள்ளே வந்தது, பிறகுதான் பயங்களின் பட்டியல். ஊரும் திசையும் மாறும்போது மாறாத ஓர் இடத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, அப்புறம் வெளியே பார்க்கிறது பாட்டு. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வரிசை எனக்குப் பிடிபட்டது. வீட்டுக்குள் நாம் நுழைந்துவிட்டால் போதாது, நமக்குள் ஏதாவது நுழைய வேண்டும்.

இந்தப் பாட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பத்தாம் பாட்டு சமணரையும் பௌத்தரையும் வாதில் அழிப்பதைப் பேசுகிறது. சம்பந்தர் மதுரைக்குப் போனது குடியிருக்க அல்ல, சமயப் போருக்கு. அந்தச் சரித்திரத்தைத் துடைத்துவிட்டு இதை வெறும் "பாசிட்டிவ் எனர்ஜி" ஆக்குவது நேர்மை இல்லை. எங்கள் கீழ்வீட்டில் ராஜஸ்தானத்து ஜைனக் குடும்பம் ஒன்று இருக்கிறது. முதல் நாளே பாத்திரம் நிறைய மோர் கொடுத்தனுப்பியவர்கள். "அந்தப் பத்தாவதை விட்டுடும்மா" என்றேன். "பதிகத்துல கத்திரி போடக் கூடாதுடா" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "மோர்ப் பாத்திரத்தைச் சும்மா திருப்பிக் குடுக்காதே, எதையாவது போட்டுக் குடு" என்றாள். அது பதிகத்துக்கு அவள் எழுதிய உரை என்று எடுத்துக்கொண்டேன்.

*

மகளின் இரண்டு மணி விழிப்புக்குப் பதிகம் உதவவில்லை. மனைவி முதலில் போனில் 'கண்ணே கலைமானே' போட்டாள். 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'. கண்ணதாசன் கடைசியாக எழுதிய படப்பாட்டு. யோசித்துப் பார்த்தால் எங்கள் நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமான சினிமாத் தாலாட்டு இருக்க முடியாது. நினைவு போன ஒரு பெண், தான் எந்த வீட்டில் இருக்கிறோம் என்று தெரியாதவள், அவளுக்குப் பாடப்படும் பாட்டு அது. யேசுதாசின் குரல் போர்வை மாதிரி வரும். மகள் கேட்டாள், ரசித்தாள், முடிந்ததும் "வீட்டுக்கு எப்போ போவோம்?" என்று மறுபடி ஆரம்பித்தாள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மனைவி போனை வைத்துவிட்டுத் தன் அம்மா பாடியதைப் பாடினாள். அவள் ஊர் விருதுநகர்ப் பக்கம். தென்மாவட்டம் முழுக்கப் பல வடிவில் இருக்கிற தாலாட்டுதான். அதன் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்திருக்கும். குழந்தை அழுகிறது. யார் அடித்து அழுகிறாய் என்று கேள்வி. பிறகு உறவு உறவாகச் சந்தேகம்: மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா, பாட்டி அடித்தாளா. ஒவ்வொருவரும் எதை வைத்து அடித்தார்கள் என்றால், ஒரு பூச்செண்டு அல்லது ஏதாவதொரு மெல்லிய பொருள். விசாரணை மாதிரித் தொடங்கி, குற்றம் எல்லாம் பூவாகி விடுகிறது. ஆராரோ என்ற தொடக்கத்தையே "யார் யாரோ" என்று பிரித்துப் பொருள் சொல்வார்கள். தாலாட்டு என்ற சொல்லுக்கும் தால், அதாவது நாக்கை ஆட்டிப் பாடுவது என்றுதான் விளக்கம். நாக்கை ஆட்டி, யார் யார் என்று கேட்கும் பாட்டு.

இது இன்னொரு பட்டியல். பதிகம் பயங்களை எண்ணியது, இது ஆட்களை எண்ணுகிறது. இதில் ஒரு விஷயம் நாட்டுப்புறப் பாடல்களைப் படிப்பவர்கள் எல்லோர் கண்ணிலும் படும். பட்டியலில் மாமனுக்குத்தான் பெரிய இடம். தொட்டில் கொண்டு வருபவன் மாமன், சங்கும் காப்பும் கொண்டு வருபவன் மாமன். குழந்தையின் மாமன் யார்? பாடுகிறவளின் அண்ணனோ தம்பியோ. ஏன் அவனைப் பற்றியே இவ்வளவு? ஏனென்றால் பாடுகிறவள் கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்தவள். அவள் பாடும் வீடு புகுந்த வீடு. மறுபடி அந்தப் புகுதல். தமிழில் ஒரு பெண்ணுக்கு இருப்பது பிறந்த வீடும் புகுந்த வீடும்தான். புகுந்த வீட்டில், மாமியாரும் நாத்தனாரும் காதில் வாங்கும் தூரத்தில், தன் பிறந்த வீட்டு ஆட்களின் பெயரை உரக்கச் சொல்ல அவளுக்கு இருந்த அனுமதி பெற்ற நேரம் குழந்தையைத் தூங்கவைக்கும் நேரம். தொட்டிலில் இருப்பது குழந்தை. ஆனால் ஊர் மாறித் தவிப்பது பாடுகிறவள்.

அப்படிப் பார்த்தால் தமிழில் வீடு மாறியவர்களின் பாட்டு என்று தனியாகத் தேடவே வேண்டாம். தாலாட்டுதான் அது. தலைமுறை தலைமுறையாக வீடு மாறியவர்கள் உண்டாக்கிய வகைமை. மனைவியிடம் இதைச் சொன்னேன். "இதக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு வீடு மாற வேண்டியிருந்துச்சு. நான் கல்யாணமாகி ஒம்பது வருஷமா மாறிட்டுதான் இருக்கேன்" என்றாள். பதில் சொல்ல ஒன்றுமில்லை.

சினிமாத் தாலாட்டு எங்கே நின்றதோ, இது அங்கிருந்து வேலை செய்ததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 'கண்ணே கலைமானே'யின் சொற்கள் நிலையானவை. அதில் ஒரு பெயரைக் கூடச் சேர்க்க முடியாது. ஒலிப்பதிவு அப்படித்தான். வாய்மொழித் தாலாட்டில் சட்டகம் மட்டும்தான் நிலையானது. உறவுக்கு ஓர் இடம், கையில் இருக்கும் பொருளுக்கு ஓர் இடம் காலியாக இருக்கும். யாரை வேண்டுமானாலும் நிரப்பலாம். பாடுகிறவருக்குக் குரல் நன்றாக இருக்க வேண்டும் என்றில்லை, மெட்டு இரண்டு வரிதான். ஆனால் ஆள் பாட வேண்டும். ஸ்பீக்கரில் போட்டால் அந்தக் காலியிடம் மூடிக்கொள்கிறது.

மகள் அதை உடனே பிடித்துக்கொண்டாள். அடுத்த அடிக்கு யார் என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். முதல் பத்து நாள் வந்தவர்கள் எல்லோரும் திருவல்லிக்கேணி ஆட்கள். பழைய வீட்டு மாடி அக்கா, பூக்காரப் பாட்டி, பள்ளி வேன் ஓட்டும் மாமா, முடி வெட்டும் கடை அண்ணன். மனைவிக்குக் கவலை. "இப்படியே பழசையே நினைச்சுக்கிட்டிருந்தா எப்படிங்க?" நானும் கொஞ்சம் பயந்தேன். ஆனால் நிறுத்தவில்லை. அது சரியான முடிவு என்று இப்போது தெரிகிறது. புகுந்த வீட்டில் பாடியவளும் முதலில் அண்ணன் பெயரைத்தான் சொல்லியிருப்பாள்.

பதினோராம் நாளோ என்னவோ, பட்டியலில் ஒரு புது ஆள் வந்தார். எங்கள் குடியிருப்பின் வாசலில் உட்காரும் செக்யூரிட்டி தாத்தா. அவர் எதை வைத்து அடித்தார் என்று மனைவி பாட்டிலேயே கேட்டாள். மகள் யோசித்து, "விசில் சத்தத்தால்" என்றாள். மறுநாள் எதிர்வீட்டு ஆன்ட்டி கருவேப்பிலைக் கொத்தோடு வந்தார். அதற்கும் அடுத்து, தெருவில் படுத்திருக்கும் ஒற்றைக் காது நாய் வாலால் அடித்தது. பழைய ஆட்கள் யாரும் பட்டியலிலிருந்து போகவில்லை. மாடி அக்காவுக்கும் செக்யூரிட்டி தாத்தாவுக்கும் நடுவில் எந்தத் தகராறும் இல்லாமல் இருவரும் ஒரே பாட்டில் இருந்தார்கள். இரண்டு மணி விழிப்பு அன்றோடு நின்றது என்று எழுதினால் அழகாக இருக்கும், நிற்கவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பாட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க விழிப்பை எண்ண வேண்டியதில்லை. யார் பெயர் வருகிறது என்று கேட்டாலே போதும்.

*

மூன்றாவது, பாரதியின் 'காணி நிலம் வேண்டும்'. இதைக் கொண்டுவந்தது நான். திருவல்லிக்கேணியில் நாங்கள் இருந்த தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசியாகக் குடியிருந்த வீடு இருக்கிறது, இப்போது நினைவில்லம். அங்கேதான் 1921இல் இறந்தார். அவர் வாழ்க்கையை முகவரிகளாக எழுதினால் நீளமாகப் போகும். 1898இல் காசிக்கு, அத்தை வீட்டுக்குப் போகிறார். பிறகு எட்டயபுரம், மதுரை, சென்னை. 1908இலிருந்து பத்து வருஷம் புதுச்சேரியில் வாடகை வீடுகள். கடையம், மறுபடி சென்னை. சொந்தமாக ஒரு வீடு அமையாதவர் எழுதிய வீட்டுப் பாட்டு இது.

காணி என்பது சுமாராக 1.32 ஏக்கர். சென்னைக் கணக்கில் 24 கிரவுண்டு. எங்கள் ஃபிளாட் 870 சதுர அடி, அதிலும் படிக்கட்டுப் பங்கு சேர்த்து. கிட்டத்தட்ட 66 ஃபிளாட் வைக்கக்கூடிய இடத்தைப் பராசக்தியிடம் ஒருவர் கூச்சமே இல்லாமல் கேட்கிறார். அந்தக் கூச்சமின்மைதான் பாட்டின் முதல் இன்பம். அளவு சொல்கிறார், தூண் எப்படி, மாடம் என்ன நிறம், கிணறு எங்கே என்று சொல்கிறார். ஒரு வாடிக்கையாளர் தேவைப் பட்டியல் தருகிற மாதிரியே இருக்கும். தென்னை மரத்துக்கு வரும்போது மட்டும் கணக்கு தளர்கிறது, பத்தோ பன்னிரண்டோ என்று விட்டுவிடுகிறார். அந்தத் தளர்ச்சியில்தான் இவர் நிலத் தரகரிடம் பேசவில்லை, அம்மாவிடம் பேசுகிறார் என்பது தெரிகிறது.

பள்ளியில் இதை ஒரு எளிய ஆசைப் பாட்டாகப் படித்தோம். இப்போது படித்தால் வீடு சீக்கிரமே முடிந்துவிடுகிறது. முதல் பத்தியின் பாதியிலேயே தூணும் மாடமும் கட்டி முடித்தாயிற்று. அதற்கப்புறம் அவர் கேட்பவை எல்லாம் வேறு வகை. நிலவொளி வர வேண்டும். குயிலின் சத்தம் வந்து காதில் பட வேண்டும். இளந்தென்றல் வர வேண்டும். கவனியுங்கள், இவை எதுவும் வீட்டில் "இருக்க" வேண்டும் என்று கேட்கப்படவில்லை. "வர" வேண்டும். தூண் கட்டினால் இருக்கும். குயில் அப்படியில்லை, அது தானாக வர வேண்டும், வராமலும் போகலாம். வீட்டின் உரிமையாளராலும் அதை ஏற்பாடு செய்ய முடியாது. பதிகத்தில் பார்த்த அதே திசைதான். நாம் போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஏதோ ஒன்று உள்ளே வர வேண்டியிருக்கிறது. சம்பந்தருக்கு அது சிவன், பாரதிக்கு நிலவும் குயிலும் காற்றும்.

இந்தப் பட்டியலில் பிரச்சினையும் உண்டு. மனைவி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கெணறு இருக்கு, தண்ணி யாரு எறைக்கிறது? சமையலறையே இல்லையே." உண்மைதான், இல்லை. பத்தினிப் பெண் ஒருத்தி தென்னை, நிலவு, குயில், தென்றலுக்கு அப்புறம் ஐந்தாவது தேவையாக வருகிறாள், பாட்டில் கலந்துகொள்ள. அவளுக்கு நிலவு எங்கே வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வீடு மாறும் முடிவில் நானும் அப்படித்தான் செய்திருந்தேன். என் அலுவலகம், மகளின் பள்ளி, வாடகை, தண்ணீர் என்று ஒரு அட்டவணை போட்டேன். அதில் மனைவிக்கும் அம்மாவுக்கும் தனி நிரல் கிடையாது, "மற்றவை" என்று ஒன்றில் இருவரும் இருந்தார்கள். ஆக, பாரதியின் பட்டியலைப் பாடுவதைவிட, அதே மாதிரி ஒன்றை நாலு பேரும் போடுவது நல்லது என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டைப் பாடிவிட்டு, இந்த வீட்டுக்குள் கேட்காமலே வந்துவிட்டவை என்னென்ன என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி எழுத ஆரம்பித்தோம். கேட்பவை அல்ல, ஏற்கெனவே வருபவை. பாரதியின் "வர வேண்டும்" என்பதை "வந்தது" என்று மாற்றினோம். திருவல்லிக்கேணியில் எங்களுக்குப் பார்த்தசாரதி கோயில் மணியும் வாலாஜா பள்ளிவாசல் பாங்கும் வரும். அவை நின்றுபோனதைத்தான் இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். இங்கே அதிகாலை பால் கிரேட் இறங்கும் சத்தம் வந்தது. சமையலறை ஜன்னலில் மாலை நாலரைக்கு ஒரு கை அகலத்துக்கு வெயில் வந்தது. மழைக்கு முன்னால் பள்ளிக்கரணைப் பக்கமிருந்து ஒரு வாசம் வந்தது, அது நல்ல வாசம் என்று சொல்ல முடியாது, இருந்தாலும் எழுதினோம். மகள் ஒற்றைக் காது நாயை எழுதச் சொன்னாள். மனைவி எழுதியது, "ஏழரை மணிக்கு எதிர்வீட்டுத் தாளிப்பு."

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணும் வரலை" என்று போய்விட்டாள். மூன்று வாரம் அவள் பெயரில் ஒரு வரியும் இல்லை. வற்புறுத்தவில்லை. 32 வருஷத்தை மூன்று பாட்டு சரிசெய்யும் என்று நினைக்கிற அளவுக்கு நான் பாட்டுகளை நம்புபவன் அல்ல.

போன மாதம் ஒருநாள் மாலை அவளே கூப்பிட்டாள். "மேல மூணாவது மாடில யாரோ வயலின் கத்துக்கிறா. தினம் ஆறு மணிக்கு. சுருதியே சேரலை, ஒரே வரிசையை நூறு தடவை தப்பாவே வாசிக்கிறா. எழுது அதை." எழுதினேன். அப்புறம் தினமும் ஆறு மணிக்கு அம்மா அந்தத் தப்பைத் திட்டிக்கொண்டே பால்கனி பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். இந்த வாரம் இரண்டு நாளாக வயலின் சத்தம் இல்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ, போய்ப் பாத்துட்டு வாயேன்."